1842இல் மன்றோ உயிரோடு இல்லை: திட்டக்கட்டுரை மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

சென்ற மாதம் என் மூன்றாமாண்டு வரலாற்றுத் திட்டக்கட்டுரை உங்களிடமிருந்து திரும்பி வந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு அடிக்குறிப்பைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில், "நம்பகமற்ற இணையச் சான்று. நீக்கவும்." வட்டத்துக்குள் இருந்தது எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் சென்னையில் அரசு அச்சகம் வெளியிட்ட சேலம் மாவட்ட கெசட்டியர். அதன் ஸ்கேன் பிரதியை archive.org தளத்தில் படித்தேன், அதனால் அது உங்கள் கணக்கில் இணையச் சான்று ஆகிவிட்டது.

அதே வாரம் என் வகுப்புத் தோழி ஒருத்தியின் கட்டுரை சேர்வராயன் மலையின் சுற்றுலா பற்றி, எந்தத் திருத்தமும் இல்லாமல் ஏற்கப்பட்டது. அதன் இரண்டாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: 1842ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டைக் கண்டுபிடித்தார்.

மன்றோ 1827 ஜூலை 6 அன்று, சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். 1839இல் சென்னையில் அவருக்குக் குதிரைமேல் சிலையே வைத்துவிட்டார்கள். சிலை வைத்து மூன்று வருஷம் கழித்து அவர் எங்கள் மலைக்கு ஏறி வந்ததாக நம் கல்லூரி நூலகத்தில் இப்போது ஒரு கட்டுரை இருக்கிறது.

தோழியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவள் உங்கள் படிவம் சொன்னதை அப்படியே செய்தாள். நானும் செய்தேன். அவளுக்குப் பிழை உள்ளே போனது, எனக்குச் சான்று வெளியே போனது. கோளாறு படிவத்தில் இருக்கிறது.

இந்த ஆண்டு நீங்கள் கொண்டுவந்த அந்த ஒரு பக்கப் படிவத்தை வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எடுத்தாளும் ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் பத்து கட்டம். முகவரி `.org`, `.gov` அல்லது `.edu` என்று முடிகிறதா? பூட்டுக் குறி இருக்கிறதா? ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கப்பட்டதா? ஆசிரியர் பெயரும் பட்டமும் உண்டா? விளம்பரம் இல்லாமல் இருக்கிறதா? எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா? கீழே மேற்கோள் பட்டியல் உண்டா? ஆய்விதழ் என்றால் ஐ.எஸ்.எஸ்.என். எண் உண்டா? இப்படிப் போகிறது. ஏழு டிக் விழுந்தால் எடுத்தாளலாம், குறைந்தால் கூடாது. விக்கிபீடியாவுக்குப் படிவமே கிடையாது, நேரடித் தடை.

மன்றோ வரி வந்த தளத்துக்கு ஒன்பது டிக் விழுந்தது. கெசட்டியருக்கு நான்கு. வழிகாட்டி மேடமிடம் போய் நின்றேன். "எனக்குத் தெரியாதா ம்மா, படிவத்துல அப்படித்தானே இருக்கு, நான் என்ன பண்றது" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபமில்லை.

அந்த ஒன்பது டிக் எப்படி விழுந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். `.org` முகவரியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டும், பதிவுச் சான்று காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் கட்டினால் நாளைக்கே என் பெயரில் ஒன்று கிடைக்கும். `.gov.in` அப்படியில்லை, அதை அரசு அமைப்புக்கு மட்டும்தான் தருவார்கள். ஆனால் அதுவும் பக்கத்தை யார் போட்டார்கள் என்பதற்குத்தான் உத்தரவாதம், போட்டவர் எங்கிருந்து எடுத்துப் போட்டார் என்பதற்கு அல்ல. `.edu` இன்னும் வேடிக்கை. 2001க்குப் பிறகு அது அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனங்களுக்கே தரப்படுகிறது. நம்மூர்க் கல்லூரிகளுக்கு `.ac.in` அல்லது `.edu.in`. படிவத்தை எழுத்துப்படி பின்பற்றினால் நம் கல்லூரியின் சொந்தத் தளத்துக்கே அந்தக் கட்டத்தில் டிக் போட முடியாது.

பூட்டுக் குறி, உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும் சொல்கிறது. பொய்யையும் பத்திரமாக அனுப்பலாம். அந்தக் குறியை மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023இல் கூகுள் குரோமிலிருந்து அதை எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது. குரோம் திறந்து படிவத்தை நிரப்புகிற பிள்ளைகள் இல்லாத பூட்டைத் தேடி டிக் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"ஐந்து ஆண்டுக்குள் புதுப்பிக்கப்பட்டதா" என்ற கட்டத்தைத்தான் நான் அதிகம் நோண்டினேன். அந்தத் தளத்தின் அடியில் இந்த வருஷத்தின் எண் இருந்தது. அதைப் பார்த்துத்தான் தோழி டிக் போட்டாள். பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் இருந்தது இதுதான்:

```
document.write(new Date().getFullYear());
```

பக்கத்தைத் திறக்கும் கணினி எந்த வருஷத்தில் இருக்கிறதோ அந்த எண் தானாக விழும். ஒருவரும் எதையும் புதுப்பிக்கவில்லை. பிறகு web.archive.org போய் அந்தப் பக்கத்தின் முகவரியை ஒட்டினேன். பழைய பிரதிகள் ஒரு நாட்காட்டியில் வரிசையாக வந்தன. இருந்ததிலேயே பழையது 2014. அன்றும் அதே மன்றோ, அதே 1842, ஒரு கமாகூட மாறவில்லை. கெசட்டியர் நூறு வருஷமாக மாறவில்லை என்றாவது அதன் முதல் பக்கத்திலேயே தெரிகிறது.

இனி அந்த வரியை நான் எப்படிப் பின்தொடர்ந்தேன் என்று சொல்கிறேன். இதில் பெரிய கெட்டிக்காரத்தனம் எதுவுமில்லை. நாகலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சிக்னல் மாலை ஆறு மணிக்குமேல்தான் ஒழுங்காகக் கிடைக்கும், அதிலேயே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

முதலில் அந்த வாக்கியத்தின் ஆங்கில வடிவத்தை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அப்படிப் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்களைத் தேடுபொறி முன்னே கொண்டுவரும். பதினோரு பக்கம் கிடைத்தது. விடுதித் தளம், டாக்ஸித் தளம், போட்டித் தேர்வுக் குறிப்பு, ஒரு ஆய்விதழ்க் கட்டுரை எல்லாம் கலந்து. பதினொன்றிலும் வாக்கியம் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்றிலும் எந்த நூல், எந்தப் பக்கம் என்று இல்லை. மேற்கோள் பட்டியல் வைத்திருந்த இரண்டில் ஒன்று இன்னொன்றைக் காட்டியது, அந்த இன்னொன்று இதே பதினொன்றில் இருந்த ஒரு விடுதித் தளத்தைக் காட்டியது. பதினோரு பேர் சொல்கிறார்கள் என்று நாம் நினைப்போம். சொன்னவர் ஒருவர், மீதிப் பத்து பேர் எதிரொலி. உங்கள் படிவத்தில் "குறைந்தது மூன்று தளங்கள் இதையே உறுதிசெய்கின்றனவா" என்றும் ஒரு கட்டம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஒரே வாக்கியம் மூன்று இடத்தில் இருந்தால் அது மூன்று சான்று ஆகாது. வார்த்தை மாறியிருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக அவர்கள் எடுத்த இடம் மாறியிருக்க வேண்டும்.

அடுத்து, அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வந்தேன். வாக்கியத்தில் மூன்று செய்தி இருக்கிறது: ஒரு ஆள், ஒரு பதவி, ஒரு ஆண்டு. ஏற்காட்டை மறந்துவிட்டு இவை மூன்றும் ஒட்டுகின்றனவா என்று மட்டும் தேடினேன். மன்றோ ஆளுநராக இருந்தது 1820 முதல் 1827 வரை. 1842இல் சென்னை ஆளுநராக இருந்தவர் எல்ஃபின்ஸ்டன் பிரபு, அந்த வருஷ செப்டம்பரில் அவருக்குப் பின் வந்தவர் ட்வீடேல். இதை முதலில் பார்த்தது விக்கிபீடியாவில், உங்களிடம் மறைப்பானேன். ஆனால் அங்கே நிற்கவில்லை. அதன் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போனால் ஜி.ஆர். கிளெய்க் எழுதிய மன்றோவின் வாழ்க்கை வரலாறு கிடைக்கிறது. அவர் மரணம் வரைக்கும் சொல்லும் அந்த நூல் வெளிவந்தது 1830இல். 1830இல் அச்சான புத்தகத்தில் இறந்துவிட்ட மனிதர் 1842இல் மலையேற முடியாது. இதற்குமேல் சான்று வேண்டுமா?

24 என்பது 42 என்று திரும்பிப்போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. 1824இல் அவர் ஆளுநர்தான். அதற்கும் முன்னால், 1792 முதல் 1799 வரை அலெக்சாண்டர் ரீடின் கீழ் பாரமகாலில் வருவாய் வேலை பார்த்தவர் என்பதால் இந்தப் பக்கம் அவருக்குப் புதியதும் அல்ல. ஆனால் ஊகத்தை நான் கட்டுரையில் எழுதவில்லை. பிழை எப்படிப் பிறந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. பிழை என்று நிரூபிக்க இருக்கிறது. இரண்டும் வேறு.

காபி விஷயத்திலும் இதே மாதிரி ஒன்று. 1820இல் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்று பல தளங்கள் ஒரே ஆண்டாக எழுதுகின்றன. காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தது 1820 முதல் 1829 வரை. அவர் பதவியேற்ற ஆண்டே காபி வந்த ஆண்டாகவும் இருக்கலாம், அல்லது யாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த முதல் எண்ணை எடுத்து ஒட்டியிருக்கலாம். நான் "1820களில்" என்று எழுதினேன். அதற்கும் ஓரத்தில் "துல்லியம் இல்லை" என்று சிவப்பு மை. துல்லியமாகத் தெரியாததைத் துல்லியமாக எழுதினால் மதிப்பெண் கிடைத்திருக்கும் போல.

பக்கத்தை விட்டு வெளியே வருவது என்று சொன்னேன் அல்லவா, அது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்கள் பத்து பேர், தொழில்முறையில் செய்தி சரிபார்ப்பவர்கள் பத்து பேர், மாணவர்கள் இருபத்தைந்து பேர். எல்லோர் முன்னாலும் இரண்டு தளங்களை வைத்தார்கள். ஒன்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பெரிய சங்கம், 1930 முதல் இருப்பது, அறுபதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். இன்னொன்று அதிலிருந்து 2002இல் கொள்கைச் சண்டையில் பிரிந்துபோன சில நூறு பேர் கொண்ட குழு. இரண்டின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டும் `.org`. இரண்டிலும் நல்ல வடிவமைப்பு, டாக்டர் பட்டம் போட்ட பெயர்கள், கீழே மேற்கோள் பட்டியல்.

மாணவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறு குழுவின் பக்கமே நம்பத்தக்கது என்றார்கள். வரலாற்றாசிரியர்களிலேயே பலர் தடுமாறி, இரண்டும் சரிதான் போலிருக்கிறது என்றார்கள். அவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழே கவனமாகப் படித்தார்கள், அதனாலேயே ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் பத்து பேரும் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் பக்கத்தைப் படிக்கவே இல்லை. திறந்த சில நொடிகளில் வேறு தாவலைத் திறந்து, "இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்" என்று தேடப் போய்விட்டார்கள்.

உங்கள் படிவத்தின் பத்துக் கட்டத்தில் ஒன்பது, பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கச் சொல்கின்றன. மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையிடமே கேட்கிற கதை. நாலு தெரு தள்ளிப் போய் விசாரிப்பதுதானே நம்மூர் வழக்கம்?

ஐ.எஸ்.எஸ்.என். கட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வேறு யாரையும் விடத் தகுதி உண்டு. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. போன வருஷம் இரண்டாமாண்டில், நம் துறைக் கருத்தரங்குக்கு நான் எழுதிய ஆறு பக்கக் கட்டுரையை "சர்வதேச" என்று பெயரில் போட்டுக்கொண்ட ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஞாயிறு இரவு அனுப்பியது. செவ்வாய் மதியம், ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஏற்றுக்கொண்டதாக மெயில். மதிப்பீட்டாளர் கருத்து என்று ஒரு வரிகூட இல்லை, ஜிபேயில் 1,200 ரூபாய் அனுப்பச் சொல்லி ஒரு எண் இருந்தது. அப்பாவிடம் வாங்கிக் கட்டினேன். சான்றிதழ் வந்தது, வீட்டில் மாட்டியிருக்கிறோம். அந்தக் கட்டுரையில் சேர்வராயன் கோயில் உச்சியின் உயரத்தை அடியில் சொல்ல வேண்டிய இடத்தில் மீட்டர் என்று போட்டிருக்கிறேன். 5,326 மீட்டர். எங்கள் மலை மவுண்ட் பிளாங்கைத் தாண்டிவிட்டது. ஒருவரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தக் கட்டுரையை உங்கள் படிவத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது டிக். எழுத்துப்பிழை இல்லை, விளம்பரம் இல்லை, பெயர் உண்டு, பட்டியல் உண்டு, எண் உண்டு.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வரும் ஒரு வெளியீட்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் எட்டு இலக்க அடையாள எண். சமையல் பத்திரிகைக்கும் உண்டு. ஆதார் எண் இருப்பதால் ஒருவர் நல்லவர் என்று ஆகாது, அந்த மாதிரி. எண் இருக்கிறதே என்று நம்பியது நாம் மட்டும் இல்லை. 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் சொந்த அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 ஆய்விதழ்களை நீக்க வேண்டி வந்தது. பிறகு தரமான ஆய்விதழ்களுக்கென்று கேர் பட்டியல் கொண்டுவந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதையும் நிறுத்தி, எது நல்ல இதழ் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அதாவது உங்களிடம். அந்தப் பொறுப்பை ஒரு கட்டத்தில் எட்டு இலக்கமாகச் சுருக்கிவிட்டீர்கள்.

என்னைச் செவ்வாய்க்கிழமைக்குள் ஏற்றுக்கொண்ட இதழைப் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்திருக்கலாம். அதன் முந்தைய இதழைத் திறந்தால் வரலாற்றுக் கட்டுரைக்குப் பக்கத்தில் பல் மருத்துவம், அதற்கடுத்து கான்கிரீட் கலவை. ஆசிரியர் குழுவில் இருந்த ஒரு பேராசிரியரின் பெயரை அவர் வேலை பார்ப்பதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் தேடினேன், அந்தத் துறையில் அப்படி ஒருவர் இல்லை. கட்டுரைகளில் "பெறப்பட்ட நாள்", "ஏற்கப்பட்ட நாள்" என்று அச்சிட்டிருந்தார்கள், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள்தான். கட்டணமில்லாமல் படிக்கக்கூடிய ஆய்விதழ்களைத் தொகுக்கும் doaj.org பட்டியலிலும் அது இல்லை. அந்தப் பட்டியலில் இல்லாதது எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை, நல்ல தமிழ் ஆய்விதழ்கள் சில இணையத்திலேயே முழுசாக இருப்பதில்லை. ஆனால் நான்கும் ஒன்றாகச் சேர்ந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இதையெல்லாம் நான் பார்த்தது பணம் கட்டி ஒரு வருஷம் கழித்து என்பதுதான் சோகம்.

இனி கெசட்டியருக்கு வருகிறேன். அதைக் கொண்டாட நான் வரவில்லை. அதிலும் தடுக்கி விழுந்திருக்கிறேன்.

archive.org தளத்தில் ஒரு பழைய புத்தகத்துக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று பக்கத்தின் படம். இன்னொன்று, "Full Text" என்று தட்டினால் வரும் எழுத்து வடிவம், அதை இயந்திரம் படத்தைப் பார்த்துத் தானே படித்து எழுதியது. தேடுவதற்கு வசதியாக இருக்கிறதே என்று நான் எழுத்து வடிவத்திலிருந்து ஒரு ஏக்கர் கணக்கை எடுத்துவிட்டேன். பிறகு அட்டவணையின் கூட்டுத்தொகை ஒட்டவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மங்கிய 3ஐ இயந்திரம் 8 என்று படித்திருந்தது. அன்றிலிருந்து தேடுவதற்கு எழுத்து வடிவம், எடுத்தாளுவதற்குப் படம் என்று வைத்துக்கொண்டேன். பக்க எண்ணிலும் ஒரு பள்ளம் உண்டு. முகவரியில் `page/n37` என்று வரும் எண் ஸ்கேனரின் எண்ணிக்கை, அட்டையிலிருந்து தொடங்கும். நூலில் அச்சான எண் வேறு. அடிக்குறிப்பில் அச்சான எண்ணைத்தான் போட வேண்டும், இல்லையென்றால் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்குப் பக்கம் கிடைக்காது. என் கட்டுரையில் ஒன்று இப்படித் தப்பாக இருந்தது. நீங்கள் அதை வட்டமிடவில்லை. அதற்கு மதிப்பெண் குறைத்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

கெசட்டியர் எழுதியவர் ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்ட மேனுவலும் அப்படித்தான். எந்த ஆண்டு யார் கலெக்டர், எத்தனை ஏக்கரில் காபி, ரோடு எப்போது போட்டது என்பதற்கு அவர்கள் நல்ல சாட்சி, ஏனென்றால் அந்தத் தாள்கள் அவர்கள் மேஜையில்தான் இருந்தன. மலையாளிகளாகிய எங்கள் மனசு எப்படி என்பதற்கு அவர்கள் நல்ல சாட்சி இல்லை. (வெளியூர்க்காரர்களுக்கு: இங்கே மலையாளி என்றால் இந்த மலையில் இருப்பவர்கள், கேரளக்காரர்கள் அல்ல.) மன்றோ கதையை ஆயாவிடம் சொல்லி, ஒரு துரை வந்து ஏற்காட்டைக் கண்டுபிடிச்சாராம் என்றேன். மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "அதுவரைக்கும் நாங்க என்ன காணாமயா போயிருந்தோம்?" என்றார். காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாகத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிற சனம் நாங்கள். "கண்டுபிடித்தார்" என்ற சொல்லுக்கும் சேர்த்துத்தான் உங்கள் படிவம் டிக் போட்டது.

எனவே ஒரு தளம் நல்லதா கெட்டதா என்று கேட்பதே முழுக் கேள்வி இல்லை. எந்தச் செய்திக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு விடுதியின் தளம், தன் அறைக் கட்டணம் எவ்வளவு என்பதற்கு முதல்தரச் சான்று. சுற்றுலாத் தோழி அதைத் தாராளமாக எடுத்தாளலாம். அதே தளம் 1842இல் என்ன நடந்தது என்பதற்குச் சான்றே இல்லை. விக்கிபீடியாவும் அப்படி. தன்னை நம்பகமான சான்றாக எடுத்தாள வேண்டாம் என்று அதுவே சொல்கிறது, அதனால் அடிக்குறிப்பில் போட நீங்கள் தடுப்பது சரி. படிக்கவே கூடாது என்று தடுத்ததால் என்ன ஆனது தெரியுமா? வகுப்பில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு, அதைக் காப்பியடித்த ஒரு `.org` தளத்தைத் தேடிப் பிடித்து அதன் பெயரைப் போடுகிறார்கள். அடிக்குறிப்பும் உரையாடல் பக்கமும் திருத்த வரலாறும் இல்லாத பிரதியைப் போய் எடுக்கிறார்கள்.

இப்போது நான் கேட்பவை.

இந்தப் பத்துக் கட்டப் படிவத்தை இந்தப் பருவத்தோடு நிறுத்துங்கள். அதற்குப் பதில், கட்டுரையின் வாதத்தைத் தாங்கும் முக்கியச் சான்றுகள் ஐந்துக்கு மட்டும் மாணவர் நான்கு வரி எழுதட்டும்: எந்தச் செய்திக்காக இதை எடுக்கிறேன், இதைச் சொல்பவர் யார் என்று அந்தப் பக்கத்துக்கு வெளியே எங்கே பார்த்தேன், இந்தச் செய்தியை எந்த மூலம் வரை பின்தொடர்ந்தேன், எங்கே நின்றுபோனது. "இதற்குமேல் போக முடியவில்லை" என்பதும் விடையாக இருக்கட்டும், அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஐம்பது பக்கத்துக்கு ஐநூறு டிக் திருத்துவதைவிட உங்களுக்கும் வேலை குறைவு.

ஸ்கேன் செய்யப்பட்ட நூலையும் ஆவணத்தையும் இணையச் சான்று என்று எண்ணாதீர்கள். 1918 கெசட்டியரைத் திரையில் படித்தாலும் அது 1918 கெசட்டியர்தான். நூலின் விவரமும் அச்சான பக்க எண்ணும் கேளுங்கள், ஐந்து ஆண்டு விதியைக் கேட்காதீர்கள்.

ஆய்விதழ்க் கட்டுரைக்கு ஐ.எஸ்.எஸ்.என். இருந்தால் போதும் என்பதை எடுத்துவிடுங்கள். யு.ஜி.சி. உங்களிடம் விட்ட பொறுப்பின்படி, நம் துறைக்கு எந்த இதழ்கள் சரி என்று துறை ஆசிரியர்கள் கூடிப் பார்த்து, காரணத்தோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முதலாமாண்டு பிள்ளைகள் 1,200 ரூபாய் அனுப்புவதற்கு முன்னால் ஒட்டிவிடுங்கள். எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் என் 5,326 மீட்டர் கட்டுரையைத் தருகிறேன், என் பெயரோடே போட்டுக்கொள்ளலாம். அதை விலக்கிக்கொள்ளச் சொல்லி அந்த இதழுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை.

விக்கிபீடியாவின் அடிக்குறிப்புகளையும், பக்கத்தின் மேலே இருக்கும் "View history", "Talk" பகுதிகளையும் எப்படிப் படிப்பது என்று முதல் பருவத்தில் ஒரே ஒரு வகுப்பு, கணினி அறையில், ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக இரண்டு கட்டுரைகள். என் பதினான்காம் பக்கத்து அடிக்குறிப்பைத் திரும்பச் சேர்க்க அனுமதித்து, அதற்காகக் குறைத்த மதிப்பெண்ணை மறுபடி பாருங்கள். தப்பான பக்க எண்ணுக்கு உரியதைக் கழித்துக்கொள்ளுங்கள். தோழியின் கட்டுரையில் இரண்டாம் பக்கத்துக்கு ஒரு திருத்தத் தாள் ஒட்ட அவளுக்கு அனுமதி கொடுங்கள், மதிப்பெண்ணில் கை வைக்காமல். தாளை நாங்கள் இருவரும் தட்டச்சு செய்து தயாராக வைத்திருக்கிறோம். உள்மதிப்பீட்டுப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன்னால் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
மூன்றாமாண்டு வரலாற்று மாணவி,
சேர்வராயன் மலை